தள்ளுவண்டிச் சக்கரத்தில் ஒட்டிப்போன டயரைக் கழற்றுதல்

மண், ஜல்லி, சிமென்ட் கலவை சுமக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பெரும்பாலும் 4.00-8 என்று அச்சிட்ட டயரே மாட்டப்பட்டிருக்கும். டயரின் அகலம் ஏறத்தாழ 4 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 8 அங்குலம் என்பது அந்த எண்களின் பொருள். சக்கரம் சிறியதுதான். ஆனால் சில ஆண்டுகள் ஈரத்தில் கிடந்த எஃகு ரிம்மிலிருந்து இந்த டயரைக் கழற்றுவது, இதைவிடப் பெரிய பைக் டயரைக் கழற்றுவதைவிடக் கடினமாக இருப்பதுண்டு. காரணம் டயரின் உள்விளிம்பில் இருக்கிறது. பட்டறைகளில் பீடு என்று சொல்லப்படும் அந்தத் தடித்த ரப்பர் வளையத்துக்குள் கார்பன் மிகுந்த எஃகுக் கம்பி பல சுற்றுகளாகப் புதைந்திருக்கிறது. ரப்பர் நன்றாகப் பிடித்துக்கொள்ள அந்தக் கம்பிக்குச் செம்பு அல்லது வெண்கலப் பூச்சு தரப்படுகிறது. டயரின் மற்ற பகுதிகள் வளையும், நசுங்கும், நீளும். பீடு வளையும், ஆனால் நீளாது. காற்றழுத்தம் டயரை வெளியே தள்ளும்போது அதை ரிம்மில் நிறுத்தி வைப்பது இந்த நீளாத தன்மைதான்.

நீளாத வளையத்தை அதைவிடப் பெரிய உதடு கொண்ட ரிம்மில் ஏற்றுவது எப்படி என்ற கேள்விக்கு 1890இல் லண்டனில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் காப்புரிமை பெற்ற அமைப்பு விடை தந்தது. விளிம்பில் கம்பி வைத்த டயரும் நடுவே பள்ளம் உள்ள ரிம்மும் சேர்ந்த அந்த அமைப்பே இன்றும் சைக்கிளிலும் காரிலும் தள்ளுவண்டியிலும் இருக்கிறது. ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். இரு ஓரங்களிலும் மேலெழும்பி நிற்பது உதடு. அதை ஒட்டி உள்பக்கத்தில், பீடு உட்காரும் தட்டையான தோள். இரண்டு தோள்களுக்கும் நடுவே இறங்கிச் செல்வது பள்ளம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. டயரைக் கழற்றுவது ஒரு வேலையல்ல, இரண்டு வேலை. முதலில் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பீட்டைப் பிரித்துப் பள்ளத்தில் இறக்க வேண்டும். அடுத்து, இறங்கிய பீட்டை உதட்டைத் தாண்டி வெளியே நெம்ப வேண்டும். முதலாவது ஒட்டுதலோடு போராடும் வேலை, அதற்குத்தான் சோப்புத் தண்ணீர். இரண்டாவது வெறும் வடிவக் கணக்கு, அதற்குப் பள்ளம்தான் துணை. ஒட்டியிருக்கும் பீட்டை நேராக லீவரால் நெம்புவதாலும், பள்ளத்தில் இறங்காத பீட்டின் மேல் மேலும் மேலும் சோப்பு ஊற்றுவதாலும்தான் பெரும்பாலான டயர்களும் டியூப்களும் பாழாகின்றன.

வேலையைத் தொடங்குமுன் ரிம்மின் வகையைப் பார்த்துவிட வேண்டும். ஆட்டோ ரிக்‌ஷாவிலும் இதே 4.00-8 அளவு டயர் ஓடுகிறது. ஆனால் ஆட்டோவிலும் பழைய ஸ்கூட்டர்களிலும் ரிம் இரண்டு பாதிகளாக இருந்து போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். காற்றை முழுவதும் இறக்கி, நட்டுகளைக் கழற்றினால் பாதிகள் பிரிந்துவிடும், உதட்டைத் தாண்ட நெம்ப வேண்டியதில்லை. சில தள்ளுவண்டிச் சக்கரங்களும் இப்படி இருப்பதுண்டு. அச்சைச் சுற்றி வட்டமாக நான்கைந்து நட்டுகள் தெரிந்தால் அது பிரியும் ரிம்மாக இருக்கலாம். அப்படிப்பட்ட ரிம்மில் காற்று இருக்கும்போது நட்டைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. அழுத்தத்தில் இரு பாதிகளும் விசிறியடிக்கப்படும். இங்கே விளக்கப்படுவது நட்டுகள் இல்லாத, ஒரே துண்டாகப் பற்றவைக்கப்பட்ட ரிம்.

பீடு ஏன் ஒட்டுகிறது? புதிய டயரிலேயே பீட்டின் உள்விட்டம் தோளுக்குச் சற்று இறுக்கமாகவே செய்யப்படுகிறது. காற்றழுத்தமும் அதை உதட்டின் மேல் இடைவிடாமல் அழுத்துகிறது. ரப்பர் மெல்ல மெல்ல வடிவம் மாறும் பொருள். ஆண்டுக்கணக்கான அழுத்தத்தில் அது உலோகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து படிந்துகொள்ளும். இதோடு துருவும் சேர்கிறது. தள்ளுவண்டி மழையில் கிடக்கும், சேற்றில் நிற்கும், கலவை வழிந்து ரிம்மில் காயும். பெயின்ட் உரிந்த இடத்தில் தொடங்கும் துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். தோளுக்கும் பீட்டுக்கும் நடுவே அவ்வளவு இடம் இல்லாததால் துரு வளர வளரப் பிடி இறுகும். அதன் சொரசொரப்பான பரப்பில் ரப்பர் மேலும் பற்றிக்கொள்ளும். காற்று முழுவதும் இறங்கிய பிறகும் டயர் அசையாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்த இடைவெளிக்குள் வெறும் தண்ணீரை ஊற்றினால் என்ன? தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை அதிகம். அறை வெப்பத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். ரப்பர் தண்ணீரை விரும்பாத பொருள், அதன்மேல் விழுந்த துளி பரவாமல் உருண்டு நிற்கும். மிக மெல்லிய இடுக்கு ஒன்றில் ஒரு திரவம் தானாக ஏறிச் செல்ல, அந்தத் திரவம் சுவர்களை நனைக்க வேண்டும். உலோகப் பக்கம் நனைந்தாலும் ரப்பர் பக்கம் நனையாவிட்டால் தண்ணீர் வாசலிலேயே தயங்கி நின்றுவிடும்.

சோப்பு மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று தண்ணீரோடு சேரும், மற்றொன்று எண்ணெயோடும் ரப்பரோடும் சேரும். கொஞ்சம் சோப்பு கரைந்தாலே அந்த மூலக்கூறுகள் நீரின் பரப்பில் நெருங்கி நிரம்பி, இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகின்றன. நீர் ரப்பரிலும் பரவத் தொடங்குகிறது. இடுக்கு இப்போது அதை உள்ளே இழுக்கிறது. உள்ளே சென்றபின் சோப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. ரப்பர் பரப்பிலும் எஃகுப் பரப்பிலும் மூலக்கூறுகள் படிந்து, இரண்டும் நேரடியாகத் தொடாதபடி வழுக்கலான படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. அழுத்தத்தில் தண்ணீர் பிதுங்கி வெளியேறினாலும் இந்தப் படலம் எளிதில் விலகுவதில்லை. காய்ந்த எஃகின் மேல் இழுபடும் ரப்பருக்கும், சோப்பு பூசிய எஃகின் மேல் இழுபடும் ரப்பருக்கும் உள்ள உராய்வு வேறுபாடு பல மடங்கு.

ஊறும் வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மெல்லிய இடுக்கில் திரவம் செல்லும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. முதல் நிமிடத்தில் 2 மில்லிமீட்டர் புகுந்தால், 4 மில்லிமீட்டரை எட்ட 4 நிமிடமும், 8 மில்லிமீட்டரை எட்ட 16 நிமிடமும் ஆகும். பீடு தோளில் படிந்திருக்கும் அகலம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும் என்பதால், ஊற்றிய கையோடு நெம்பத் தொடங்குவது வீண். கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம் வரை, நடுநடுவே மீண்டும் ஊற்றியபடி காத்திருக்க வேண்டும். திரவம் கெட்டியாக இருந்தால் அது இன்னும் மெதுவாகவே போகும். ஆகவே ஊறவைப்பதற்கு நீர்த்த கரைசலே நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். நெம்பும்போதும் திரும்ப மாட்டும்போதும் வழுக்கலுக்காகப் பூசுவது கெட்டியாக இருக்கலாம், ஒரு பங்கு சோப்புக்கு நாலைந்து பங்கு தண்ணீர். சோப்புக் கட்டியைத் துருவிக் கரைத்தும் பயன்படுத்தலாம். ஆனால் உப்புக் கடுமையான போர்வெல் தண்ணீரில் கட்டிச் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து வெண்ணிறத் திரையாகத் திரிந்து வீணாகும். அங்கே பாத்திரம் கழுவும் திரவமே மேல்.

செய்முறை காற்றை இறக்குவதில் தொடங்குகிறது. வால்வை அழுத்திக் காற்றை வெளியேற்றுவது போதாது, வால்வின் உள்ளிருக்கும் ஊசியைத் திருகி முழுவதும் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் டயரை மிதிக்கும்போதெல்லாம் மிச்சக் காற்றும் தடையில்லாமல் வெளியேறும். வால்வுத் தண்டில் நட்டு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். உதட்டோரம் காய்ந்திருக்கும் சேற்றையும் கலவையையும் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்த பிறகே சோப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண்ணே இடுக்கை அடைத்துக்கொள்ளும். சக்கரத்தைப் படுக்க வைத்தால் மேல் உதட்டுக்கும் டயருக்கும் இடையே உள்ள வாய்க்கால் போன்ற பள்ளத்தில் திரவம் தேங்கி நிற்கும், புவியீர்ப்பும் கொஞ்சம் உதவும். ஒரு பக்கம் ஊறியபின் புரட்டிப் போட்டு மறுபக்கமும் ஊறவைக்க வேண்டும்.

அடுத்தது பீட்டைப் பிரிப்பது. இதற்கு லீவர் வேண்டாம், அழுத்தம் வேண்டும். உதட்டுக்கு ஒட்டினாற்போல் பக்கச்சுவரின் மேல் விசை கீழ்நோக்கி விழ வேண்டும். உதட்டிலிருந்து நாலு விரல் தள்ளி மிதித்தால் ரப்பர்தான் நசுங்கும், பீடு அசையாது. இலேசாக ஒட்டிய டயர் குதிகால் மிதிக்கே இறங்கிவிடும். பிடிவாதமான டயருக்குப் பலகைதான் எளிய கருவி. ஒன்றரை மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையைச் சுவரிலோ லாரியின் அடிச்சட்டத்திலோ மேலெழாதபடி முட்டுக்கொடுத்து, அந்த முனையிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு மரக்கட்டையைப் பலகைக்கும் பீட்டின் மேல் உள்ள ரப்பருக்கும் இடையே நிறுத்த வேண்டும். மறுமுனையில் 50 கிலோ எடையை ஏற்றினால் கட்டையின் கீழ் விசை ஆறு மடங்கு, ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமம். கட்டை உதட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அத்தனை விசையும் ரிம்மை வளைக்கவே போகும். பெஞ்சு வைஸ் இருந்தால் அதன் தாடைகளுக்கிடையே டயரின் இரு பக்கச்சுவர்களையும் உதட்டோரமாக வைத்து இறுக்கலாம். விசை மெதுவாக ஏறுவதால் ரப்பர் கிழிய வாய்ப்புக் குறைவு.

சுற்றளவு முழுவதையும் ஒரே நேரத்தில் பிரிக்க முயல்வது தவறு. 8 அங்குல வட்டத்தின் சுற்றளவு 64 சென்டிமீட்டர், அத்தனை நீளத்தின் ஒட்டுதலையும் ஒரே அழுத்தில் வெல்வது இயலாது. ஓரிடத்தில் பிரிந்த விளிம்பு, பக்கத்தில் உள்ள ஒட்டுதலைச் சிறிது சிறிதாக உரித்துக்கொண்டு போகும். உரிப்பதற்குத் தேவையான விசை, மொத்தமாகப் பிய்ப்பதற்குத் தேவையானதில் மிகச் சிறு பங்கு. ஆகவே ஓரிடத்தில் அழுத்திப் பிரித்ததும், திறந்த அந்த வாயில் உடனே சோப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். பிரிவின் முனை எங்கே இருக்கிறதோ அங்கேயே திரவம் சென்று நிற்கும். பிறகு கட்டையை ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தி அடுத்த அழுத்து. பீடு தோளிலிருந்து இறங்கும்போது சிறு ‘டப்’ ஓசை கேட்பதுண்டு. ஓசை கேட்காவிட்டாலும் உதட்டுக்கும் டயருக்கும் இடையே தோளின் துருப்பிடித்த உலோகம் தெரிந்தால் பிரிந்துவிட்டது என்று கொள்ளலாம். இரு பக்கமும் முழுவதும் பிரிந்ததற்கு உறுதியான சோதனை, ரிம்மைப் பிடித்துக்கொண்டு டயரைக் கையால் சுழற்றிப் பார்ப்பதுதான். எங்காவது ஒட்டியிருந்தால் அது சுழலாது.

இனி வடிவக் கணக்கு. தோளின் விட்டம் 203 மில்லிமீட்டர், உதட்டின் உயரம் 15, பள்ளத்தின் ஆழம் 15 என்று ஒரு ரிம்மை எடுத்துக்கொள்ளலாம். அச்சின் நடுவிலிருந்து தோள் வரை 101.5 மில்லிமீட்டர், உதட்டின் உச்சி வரை 116.5, பள்ளத்தின் அடி வரை 86.5. பீடு 203 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீளாத வளையம். அதன் ஒரு முனை தோளிலேயே இருந்தால் எதிர்முனை அச்சிலிருந்து 101.5 மில்லிமீட்டர்தான் எட்டும். உதட்டைத் தாண்ட 15 மில்லிமீட்டர் பற்றாது. அந்தப் பற்றாக்குறையைக் கம்பியை நீட்டி ஈடுகட்ட முடியாது, இவ்வகை எஃகு ஏறத்தாழ ஒரு சதவீதம் நீண்டாலே நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதே முனை பள்ளத்தின் அடியில் இருந்தால், 203இலிருந்து 86.5 போக எதிர்முனைக்கு 116.5 மில்லிமீட்டர் கிடைக்கும். உதட்டின் உச்சியும் அதுவேதான். ஆக, பீடு எதிர்ப்பக்கம் பள்ளத்தில் முழுதாக இறங்கியிருந்தால் மட்டுமே இந்தப் பக்கம் வெளியே வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நின்றாலும் வராது. வேறு ரிம்களில் எண்கள் மாறும், உறவு மாறாது.

பள்ளத்தில் டியூபும் கிடக்கிறது என்பது சிக்கல். குறிப்பாக வால்வு இருக்கும் இடத்தில் அதன் தடித்த அடி பள்ளத்தை அடைத்திருப்பதால் பீடு அங்கே முழுதாக இறங்காது. எனவே நெம்புவதை வால்வின் பக்கம் தொடங்கி, அதற்கு நேரெதிர்ப் பக்கத்தைப் பள்ளத்தில் இறக்க வேண்டும். சக்கரத்தைத் தரையில் கிடத்தி, எதிர்ப்பக்க டயரின் மேல் முழங்காலை ஊன்றினால் பீடு பள்ளத்திலேயே நிற்கும். முனை உருண்ட இரண்டு டயர் லீவர்களை வால்வுக்கு இருபுறமும் ஆறேழு சென்டிமீட்டர் இடைவெளியில், பீட்டின் அடியில் கொக்கி விழும் அளவுக்கு மட்டும் செருக வேண்டும். ஆழமாகச் செருகினால் டியூபைக் கடிக்கும். ஒன்றைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைச் சாய்த்தால் அந்தச் சிறு பகுதி உதட்டின் மேல் ஏறிவிடும். பிறகு ஒரு லீவரை அப்படியே விட்டு, மற்றதை எடுத்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளிச் செருகி அடுத்த பகுதி. பெரிய சக்கரத்தில் பத்து சென்டிமீட்டர் தாண்டிச் செருகலாம். சிறிய வட்டத்தில் அதே பத்து சென்டிமீட்டர் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு, பீடு அவ்வளவு கூர்மையாக வளைய மறுக்கும். உதட்டிலும் பீட்டிலும் கெட்டிச் சோப்பைப் பூசிக்கொண்டே போக வேண்டும். பாதிச் சுற்று வெளியே வந்துவிட்டால் மீதியைக் கையாலேயே இழுத்துவிடலாம்.

இந்தக் கட்டத்தில் கை தரும் செய்தியை மதிக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் லீவரின் முனை உதட்டைத் தாண்டி 3 சென்டிமீட்டர் நீண்டிருந்தால், கையின் 20 கிலோ விசை பீட்டில் 180 கிலோவாகிறது. லீவர் வளையும் அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தால் காரணம் பலக்குறைவு அல்ல, எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது என்பதே. நீளமான குழாயை லீவரில் மாட்டி மேலும் அழுத்தினால் பீட்டுக் கம்பியில் சில இழைகள் அறும். அறுந்ததை விரலால் கண்டுபிடிக்கலாம். வளையத்தைச் சுற்றி விரலால் தடவி வரும்போது ஓரிடத்தில் மடிப்போ புடைப்போ தட்டுப்படும், சில சமயம் கம்பி முனை ரப்பரைக் குத்தி வெளியே நிற்கும். அப்படிப்பட்ட டயரை மீண்டும் மாட்டக் கூடாது. காற்றடிக்கும்போது பீடு உதட்டைத் தாண்டிப் பிதுங்கி வெடிக்கலாம்.

முதல் பீடு வெளியே வந்ததும் டியூபை உருவிவிடலாம். டியூபில் மட்டுமே வேலை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ரிம்மைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் இரண்டாம் பீட்டையும் அதே உதட்டின் வழியாகவே எடுக்க வேண்டும். டியூப் இல்லாததால் பள்ளம் முழுவதும் காலி, வேலை இலகு.

சோப்புக்குப் பதில் கிரீஸ், என்ஜின் ஆயில் போன்றவற்றை ஊற்றும் வழக்கம் உண்டு. அவை வழுக்கும் என்பது உண்மை. ஆனால் பெட்ரோலிய எண்ணெய்கள் இயற்கை ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்து மென்மையாக்கும். அதைவிட முக்கியமான கேடு, அவை காய்வதில்லை. மாட்டிய பிறகும் வழுக்கல் நீடிப்பதால் பாரம் ஏறும்போது டயர் ரிம்மின் மேல் சிறிது சிறிதாகச் சுழன்று நகரும். டியூபும் அதோடு நகர, துளையில் மாட்டிய வால்வு சாய்ந்து அடியோடு கிழியும். சோப்புத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் வழுக்கி, காய்ந்ததும் பிடியைத் திருப்பித் தருகிறது. நெருப்புக் காட்டி ஒட்டுதலை விடுவிப்பது இவை எல்லாவற்றிலும் மோசமானது. சூடேறிய ரப்பரிலிருந்து எரியும் வாயுக்கள் பிரிந்து டயருக்குள் தேங்கும், ஒரு பொறியில் வெடிக்கும்.

சோப்புக்கும் ஒரு குறை உண்டு. அது தண்ணீரோடு போகிறது, தண்ணீர் துருவை வளர்க்கிறது. பாத்திரம் கழுவும் திரவங்கள் பலவற்றில் உப்பும் கலந்திருக்கும். ஆகவே கழற்றிய ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தோளிலும் பள்ளத்திலும் உள்ள துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்சைடு பூசி நன்றாகக் காயவிட வேண்டும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போது மாட்டினால் அதுவே பசையாகிவிடும். துரு தின்று தோளில் குழி விழுந்திருந்தால் பெயின்ட் உதவும். உலோகமே மெலிந்து ஓட்டை விழுந்திருந்தால் ரிம்மை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாட்டும்போது வரிசை தலைகீழ். டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று வைத்து உள்ளே இட வேண்டும். சுருங்கிக் கிடக்கும் டியூபை லீவர் கடிக்கும். பீடுகளுக்குச் சோப்பை மெல்லிய படலமாகப் பூச வேண்டும், உள்ளே தேங்கும் அளவுக்கு ஊற்றக் கூடாது. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வருகே முடிக்க வேண்டும், அப்போது கடைசியாக ஏறும் பகுதிக்குத் தேவையான தளர்வு பள்ளம் காலியாக உள்ள எதிர்ப்பக்கத்திலிருந்து கிடைக்கும். காற்று ஏற ஏறச் சோப்பின் உதவியால் பீடு வழுக்கித் தோளில் ஏறி உட்காரும். அந்த நேரத்தில் விரல்கள் உதட்டோரம் இருக்கக் கூடாது. பக்கச்சுவரில் உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாகச் செல்லும். அது சுற்றிலும் உதட்டிலிருந்து ஒரே தூரத்தில் தெரிந்தால் பீடு சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்பு பூசி, மீண்டும் ஏற்ற வேண்டும். டயரில் அச்சிட்ட அழுத்தத்தை மீறி அடித்து அதை வெளியே தள்ள முயலக் கூடாது. கோடு சரியானதும் ஒருமுறை காற்றை முழுவதும் இறக்கி மறுபடி அடித்தால் உள்ளே மடிந்திருக்கும் டியூப் நிமிர்ந்துகொள்ளும். சோப்பு காய்ந்து பீடு பிடிக்கும்வரை, ஓர் இரவாவது, அந்தச் சக்கரத்தில் பாரம் ஏற்றாமல் இருப்பது நல்லது.